கேள்வியை மறைத்து எழுதிய தேர்வு

"உலகத்துல எந்த மருந்துத் தேர்வை வேணும்னாலும் கொண்டா மாப்ளே. கேள்வியைப் படிக்காமலே பாஸ் பண்ணிக் காட்டறேன். ஒரு கையில டீ கிளாஸ் இருக்கும். ஒரு சொட்டு சிந்தாது."

அத்தான் இப்படிச் சொன்னதும் தராசு சிரிக்கக்கூட இல்லை. அத்தானின் புளுகுக்கெல்லாம் சிரிக்க ஆரம்பித்தால் மனிதனுக்கு வாய் மூடாது. இதே அத்தான்தான், தன் பயிற்சி மையத்தில் கொட்டாவி விட்ட ஒரு மாணவன் அந்தக் கொட்டாவி முடிவதற்குள் வங்கி வேலைக்குத் தேர்வானான் என்று சொன்னவர். வேலைத் தேர்வுகளுக்குப் பாடம் எடுப்பது அவர் தொழில். ஊரே அவரை பீரங்கி மாஸ்டர் என்று கூப்பிட்டது. குண்டு கிளம்புவது நிச்சயம், எங்கே விழும் என்று பீரங்கிக்கே தெரியாது. மருந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், கசக்கும் என்பது மட்டும்.

தராசு அதற்கு நேரெதிர். ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தலைமை மருந்தாளர். ஒரு தும்மல் போடுவதற்கு முன்னால்கூட இடத்தோடு அளவையும் யோசிக்கிற ஆள் என்பதால் அந்தப் பட்டப் பெயர். செவிலியர்களுக்கான மருந்துப் பாதுகாப்புத் தேர்வுத் தாளைத் தயாரித்ததும் அவர்தான். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, இருபத்துநாலு எடுத்தால் தேர்ச்சி. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எவரும் அதில் தேறியாக வேண்டும். தேறாதவரை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

தராசின் அக்கா, அத்தானின் மனைவி, இருபத்திரண்டு எடுத்திருந்தாள்.

அந்தப் பிரிவில் அக்கா எத்தனை வருஷமாக இருக்கிறாள் என்றால், சில இயந்திரங்கள் அவள் குரலைக் கேட்டதும் தானாகவே அலாரத்தை நிறுத்திக்கொள்ளும் என்று சொல்வார்கள். அவளை அங்கிருந்து எடுத்துவிட்டு வேறொருத்தியைப் போடும் உத்தரவு தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணமான தாளோடுதான் தம்பியான தராசு விடுமுறை நாளில் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கே தவறினாள் என்று காட்டித் தருவதற்கு, என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தத் தாளின் நயத்தைக் காட்டுகிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

அக்கா மேசையோரமாக நின்று சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதைப் பாருக்கா. மார்ஃபின் ஏறிட்டிருக்கு, நோயாளியோட மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்கு வந்துருச்சு. முதல்ல என்ன செய்யணும்? நீ டாக்டரைக் கூப்பிடணும்னு போட்டிருக்கே. மருந்து ஏறுறதை நிறுத்தணும். 'முதல்ல'ங்கிற வார்த்தையைக் கவனிக்கணும். நாலும் செய்ய வேண்டியதுதான், ஆனா எது முதல்ல."

"ஒரு கை நிறுத்தும்போதே வாய் டாக்டரைக் கூப்பிடும்டா. இன்னொரு கை ஆக்சிஜனை எடுக்கும். எங்க வார்டுல ரெண்டு கை ஒரு வாய். உன் தாள்லதான் ஒத்தைக் கை."

"சரி, இது. ரத்த அழுத்தம் இருக்கிற ஓட்டுநர், வயசு, எடை, எத்தனை பிள்ளை, எல்லாம் சொல்லிட்டு நடுவுல சின்ன வயசுல இருந்து ஆஸ்துமான்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கேன். எந்த மருந்தைத் தவிர்க்கணும்? ப்ரோப்ரனலால். மூச்சுக்குழாயை இறுக்கிடும்."

"அது சரியாத்தானே போட்டேன்."

"ஆமா, இது சரி," என்று தராசு அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினார். "இதோ, இதுல விட்டுட்டே. கீழ்க்கண்டவற்றுள் எது தவறானது அல்ல என்று கூற முடியாதது."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இந்த வாக்கியத்தை நீ உன் பொண்டாட்டிகிட்ட ஒரு தடவை பேசிக் காட்டு. வீட்டை விட்டுத் துரத்திடுவா."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அத்தான். "ஒரு ஞாயித்துக்கிழமை எங்கூட உட்காரு, தேர்வு எழுதற வித்தையைச் சொல்லித் தரேன்னு. மகாராணி மாட்டேன்னுட்டா."

"எனக்கு மருந்து தெரியும். வித்தை எதுக்கு?"

"அதான் இருபத்திரண்டு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுத்து, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்தாள். அதைச் சமாளிக்கத்தான் அத்தான் தம் பீரங்கியை வெடித்தார். கேள்வியைப் படிக்காமலே பாஸ். கையில் டீ.

"சும்மா இருங்க அத்தான். இது வங்கித் தேர்வு இல்ல. மருந்தியல்."

"மருந்தியலா இருந்தா என்ன, மாயாஜாலமா இருந்தா என்ன. எழுதினது மனுஷன்தானே. மனுஷன் எழுதினா அவன் பழக்கம் அதுல இருக்கும். மறை மாப்ளே கேள்வியை."

தராசு ஒரு அட்டையை எடுத்தார். விட்டுக்கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தார். ஒவ்வொரு கேள்வியின் வாசகத்தையும் அட்டையால் மூடி, நாலு விடையை மட்டும் காட்டினார். அத்தான் இடது கையில் டீயைப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையைப் பார்ப்பது போலத் தாளைப் பார்த்தார்.

முதலில் வந்தது நாலு மருந்துப் பெயர். அட்டெனலால், மெட்டோப்ரலால், ப்ரோப்ரனலால், எனலாப்ரில்.

"மூணு பேர் ஒரே வயித்துப் பிள்ளைங்க. 'லால், லால், லால்'னு வால் ஒண்ணா இருக்கு. ஒருத்தன் சரின்னா மூணு பேரும் சரியாயிடுவாங்க. ஒரே கேள்விக்கு மூணு சரியான விடை வைக்க நீ பைத்தியமா? கடைசி ஆள்தான்."

வறட்டு இருமல் வரவழைக்கக்கூடியது எது என்பது கேள்வி. எனலாப்ரில்தான்.

அடுத்தது சோடிகள். ஹெப்பாரின், புரோட்டமின். ஹெப்பாரின், வைட்டமின் கே. வார்ஃபரின், புரோட்டமின். பாராசிட்டமால், நலாக்சோன்.

"இதுல ஹெப்பாரின் ரெண்டு தடவை, புரோட்டமின் ரெண்டு தடவை. ரெண்டும் சந்திக்கிற இடம் முதல் விடை. மாப்ளே, பொய் சொல்றவன் எப்பவும் உண்மையில இருந்து பாதியை வெட்டி எடுத்துத்தான் பொய் செய்வான். எனக்குத் தெரியாதா?"

மருந்தும் அதன் முறிமருந்தும் எது என்பது கேள்வி. முதல் விடை சரி.

அதற்கடுத்த கேள்வியில் மூன்று விடைகள் ஒவ்வொன்றும் இரண்டே வார்த்தை. எடையைப் பார்த்தல், உயரத்தைப் பார்த்தல், காய்ச்சலைப் பார்த்தல். நாலாவது மட்டும் ரயில் பெட்டி போல நீண்டது: ஒரு முழு நிமிடம் நெஞ்சில் இதயத்துடிப்பை எண்ணி, பெரியவர்களுக்கு அறுபதுக்குக் கீழே இருந்தால் மருந்தைத் தராமல் நிறுத்தி மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

"இதைப் பார்க்கிறதுக்குக் கண்ணே வேண்டாம். ஸ்கேலை வெச்சு அளந்தா போதும். தப்பான விடையை அசால்ட்டா எழுதறே. சரியான விடைன்னா மட்டும் யாரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு 'ஆனால்', 'எனில்' எல்லாம் போட்டு நீட்டறே. நீ நல்லவன் மாப்ளே. அதான் மாட்டிக்கறே."

இதய மருந்தான டிகாக்சின் தருவதற்கு முன் செய்ய வேண்டியது அது. தராசின் காது மடல் சூடேறியது. அந்த வாக்கியத்தை எழுதி முடித்த அன்று அவர் தமக்குத்தாமே ஒரு காபி வாங்கிக் கொடுத்திருந்தார்.

அதன் பிறகு அத்தான் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது போல இறங்கினார். 'எப்போதும்', 'ஒருபோதும்', 'எல்லா நோயாளிகளுக்கும்' என்று வந்த விடைகளை வெட்டித் தள்ளினார். உடம்பு விஷயத்தில் எல்லாருக்கும் எப்போதும் பொருந்துவது ரொம்பக் குறைவு, 'பெரும்பாலும்', 'சிலருக்கு' என்று பணிவாகப் பேசுகிற விடைதான் நிற்கும் என்றார். பொட்டாசியம் கூடும், பொட்டாசியம் குறையும் என்று இரண்டு விடை எதிரும் புதிருமாக வந்தால், மற்ற இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இரண்டில் ஒன்றின் மேல் கண்ணை மூடிக் கைவைத்தார். அப்படி வைத்ததில் பாதி போனது. ஒரு விடைக்குள் இரண்டு பகுதி இருந்து, ஒரு பகுதி கோணலாகத் தெரிந்தால்கூட மொத்தத்தையும் அடித்தார். "பால்ல ஒரு ஈ விழுந்தா, ஈயை மட்டுமா தள்ளி வைப்பே?"

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. விடை அ: தேவைப்பட்டால் நேரடி ஊசியாகத் தரலாம். விடை ஆ: ஒருபோதும் நேரடி ஊசியாகத் தரக் கூடாது. விடை இ: எல்லா நோயாளிகளுக்கும் நேரடி ஊசி பாதுகாப்பானது. விடை ஈ: இதயத்துடிப்பை எண்ணிய பிறகு, மருத்துவர் அருகில் இருக்கும்போது, சிறிது சிறிதாக நேரடி ஊசியாகத் தரலாம்.

"'ஒருபோதும்' போச்சு. 'எல்லா' போச்சு. மிச்சத்துல நீளமானது, பணிவானது, பாதுகாப்பாப் பேசறது, ஈ."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அக்காவுக்குக் கேள்வி தெரியும். அவள் அந்தத் தேர்வை எழுதியவள்.

"அது பொட்டாசியம் குளோரைடு," என்றாள். "கரைச்சுக் கலக்காத ஆம்பூல், சின்னக் கண்ணாடிக் குப்பி. அதை நேரா நரம்புல ஏத்தினா இதயம் அங்கேயே நின்னுடும். மெதுவா ஏத்தினாலும், டாக்டர் பக்கத்துல நின்னாலும். அந்த ஒரு இடத்துல 'ஒருபோதும்'னா ஒருபோதும்தான்."

அத்தான் டீயைக் கீழே வைத்தார். "அது ஒண்ணு தப்பாயிடுச்சு," என்றார் மெதுவாக.

தராசு கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டிப் பார்த்தார். கீழிருந்து மேலாகவும் கூட்டினார். எப்படிக் கூட்டினாலும் இருபத்தாறு.

அத்தான் தேர்ச்சி. அக்கா தோல்வி. ஆளைக் கொல்கிற கேள்வியில் தோற்றவர் தேர்ச்சி, ஜெயித்தவள் தோல்வி. சரியாக எழுதின ஒருத்தியை நிறுத்திவைத்து, மருந்தே தெரியாதவருக்கு வாசலைத் திறந்து விட்டிருக்கிறது தாள். எழுதியது அவர் கை. தராசு அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தான்," என்றார்.

பீரங்கியிடம் போய் அப்படிச் சொல்கிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுநாள் சாயங்காலம் அக்காவை அழைத்துப் போக வந்த அத்தான், ஆஸ்பத்திரி உணவகத்தில் கச்சேரியை ஆரம்பித்திருந்தார். தராசு உள்ளே நுழைந்தபோது, கண்ணை இரண்டு துண்டால் கட்டிய கட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவது துண்டும் கட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் விரலால தாளைத் தடவினேன். மை மேல ஒரு சூடு வரும் பாருங்க, சரியான விடையில. நாற்பதுக்கு முப்பத்தொன்பது. அந்த ஒண்ணுகூட நான் தப்பில்ல, மாப்ளேயோட விடைத்தாள்தான் தப்பு."

மேசை சுற்றி எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். செவிலியர் கண்காணிப்பாளர், எல்லாருக்கும் மேட்ரனம்மா, அவரும் சிரித்துக்கொண்டே காபிக் கோப்பையோடு திரும்பினார். உத்தரவில் கையெழுத்துப் போடுகிற கை அந்தக் கைதான்.

"என்ன சார், உங்க தாளை கேள்வியே பார்க்காம பாஸ் பண்ணிட்டாராமே. நிஜமா?"

கேள்வி நேரானது. ஆம், இல்லை என்று இரண்டே விடை.

அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசினால் தோற்றவளின் புலம்பல் என்று ஆகும், அது அவளுக்குத் தெரியும். தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

தராசின் மனம் பரீட்சை மண்டபத்துக்குள் ஓடியது. கண்ணைக் கட்டினார்கள், இது தவறு. விரலால் தடவினார், தவறு. முப்பத்தொன்பது, தவறு. ஒரு பகுதி தவறென்றால் மொத்த விடையும் தவறு. நேற்று அத்தான் சொல்லித் தந்த அதே விதி.

"மாஸ்டர் கதை உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றார் தராசு. "கண்ணைக் கட்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதெல்லாம் புளுகு."

சிரிப்பு இன்னொரு சுற்று எழுந்தது. அத்தானும் சேர்ந்து சிரித்தார், ஆனால் அவர் கதையைத் தொடரவில்லை. அக்கா எழுந்து, "போலாங்க, எனக்குத் தலைவலி" என்றாள். வாசலில் தம்பியைக் கடக்கும்போது, "உன் வாயில பொய் வந்து நான் பார்த்ததே இல்லடா," என்றாள். திட்டுகிற குரல் இல்லை. யாரோ முன்பின் தெரியாதவருக்கு வழி சொல்கிற குரல்.

அன்றைக்கு ராத்திரி தராசு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று தமக்குத்தாமே வாதாடினார். கண்ணைக் கட்டவில்லை என்பது உண்மை. கூடப்பிறந்தவளுக்காகப் பேசினால் பாரபட்சம் என்பார்கள் என்பதும் உண்மை. எல்லாம் உண்மை, சேர்த்துப் பார்த்தால் மட்டும் நாறியது.

அடுத்த நாள் மருந்தக ஜன்னலில் ஒரு இளம் செவிலி வந்து நின்றாள். அக்காவின் இடத்துக்கு வரப்போகிறவள். தேர்வில் முப்பத்தைந்து எடுத்தவள். நல்ல பெண், எதையும் கேட்டுச் செய்கிற பெண்.

"சார், அடுத்த வாரம் தீவிரப் பிரிவுக்குப் போறேன். முன்னாடியே ஒரு சந்தேகம் கேட்டுக்கலாமா? பொட்டாசியம் ஆம்பூல் அவசரம்னா நேரா ஊசியில ஏத்தலாமில்ல? மெதுவா?"

தராசு கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தார். "ஏத்தவே கூடாதும்மா. பெரிய பாட்டில்ல கலந்து, பம்ப்ல, மானிட்டர் பார்த்துக்கிட்டே மெதுவா. அந்த ஆம்பூலை நாங்க பூட்டி வெச்சிருக்கிறதே அதுக்குத்தான். தேர்வுல இது வந்துச்சே. நீ என்ன போட்டே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஈ போட்டேன் சார். நீளமா இருந்துச்சு. பீரங்கி மாஸ்டர்கிட்ட படிச்ச பொண்ணுங்க எல்லாம் சொல்லுவாங்க, உங்க தாள்ல சந்தேகம்னா பெருசைப் போடுன்னு." பிறகு அவசரமாக, "தப்பா நினைச்சுக்காதீங்க சார்," என்றாள்.

தப்பாக நினைக்க அவருக்கு என்ன தகுதி? இந்தப் பெண் கேட்டாள், பிழைத்தாள், அவளால் ஒருவர் பிழைத்தார். கேட்காமல் போகிறவளும் அந்தத் தாளின் முத்திரையோடுதானே போவாள். தாள் முழுக்கத் தம் கைப்பழக்கத்தைக் கொட்டி வைத்துவிட்டு, அக்காவிடம் போய் 'முதல்ல' என்கிற வார்த்தையைக் கவனிக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரிப் பக்கம் திரும்பினார். மாத்திரை அட்டைகளெல்லாம் அவரையே பார்த்தன.

அவர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மேட்ரனம்மா அறைக்குப் போனார். மேசை மேல் இடமாற்ற உத்தரவு இருந்தது. பேனாவின் மூடி திறந்திருந்தது. அக்காவும் அங்கேதான் நின்றாள், உத்தரவை வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம். அந்தத் தாள் சரியில்ல."

"தாளை எழுதினது நீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

மேட்ரனம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு அவரை. "அக்கான்னு வந்திருக்கீங்களா?"

"அக்காவுக்கு ஒரு மார்க்கும் கூட்ட வேண்டாம். தாளையே தள்ளிடுங்க. எல்லாருக்கும் புதுசா வெக்கணும், எழுதறது வேற ஆளா இருக்கட்டும். இல்ல, நான் எழுதினா யாராவது முதல்ல கேள்வியை மறைச்சுப் பார்க்கட்டும்." அட்டை சட்டைக்குச் சட்டை மாறி இன்னும் பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தார். கேள்விகள் ஒவ்வொன்றாக, எந்த விடை ஏன் தானாகக் காட்டிக்கொடுத்தது என்று சொன்னார். நீளமானது, வால் ஒத்தது, இரண்டு தடவை வந்தது. மூளையைக் குழப்பத்தான் வைத்த இரட்டை எதிர்மறையையும் சொன்னார். பொட்டாசியத்தைக் கடைசியில் சொன்னார். சொல்லும்போது குரல் தரையைப் பார்த்தது.

"அந்தப் பொட்டாசியம் கேள்வியில ஜெயிச்சவங்களும் இருக்காங்க மேடம். இவங்க ஜெயிச்சாங்க. நீங்க மாத்தறது இவங்களைத்தான்."

மேட்ரனம்மா அட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"இந்தத் தாளை வெச்சு யாரையும் எங்கேயும் மாத்தப் போறதில்ல. புதுத் தாள் வர்ற வரைக்கும் இவங்க இருந்த இடத்துலயே இருக்கட்டும்." உத்தரவை மடித்து ஓரமாக வைத்தார். "சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு உணவகத்துல எல்லாரும் பாதி நம்பினாங்க. நானும்தான். நம்ப முடியாதுன்னு நின்னது நீங்க ஒருத்தர்தான். அப்ப, நிஜமா நடந்துச்சா இல்லையா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா வேறெதனாலா என்று தராசுக்குத் தெரியவில்லை.

"கண்ணைக் கட்டல மேடம்," என்றார். "விரலால தடவல. முப்பத்தொன்பதும் இல்ல, இருபத்தாறுதான்." எச்சில் விழுங்கினார். "ஆனா நடந்துச்சு. கேள்வியை மறைச்சு வெச்சவன் நான். கையில டீ இருந்துச்சு. ஒரு சொட்டு சிந்தல."